நாலு வாய்ப்பு, பத்து யார்டு

2014 கோடையில் கோயம்புத்தூரை விட்டு பெல்வ்யூவுக்குக் குடிபெயர்ந்தபோது, எங்கள் வீட்டில் யாருக்கும் அமெரிக்கன் ஃபுட்பால் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நினைப்பும் இல்லை. பெல்வ்யூ, சியாட்டிலுக்கு எதிரே ஏரிக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஊர். அந்த வருடம் பிப்ரவரியில்தான் சியாட்டில் சீஹாக்ஸ் அணி டென்வரை 43-8 என்று அடித்துப்போட்டு சூப்பர் போல் கோப்பையைத் தூக்கியிருந்தது. செப்டம்பரில் ஆட்டப் பருவம் தொடங்கியதும் ஊரே நீலமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை என்றால் பள்ளிக்கூடம், வங்கி, மளிகைக் கடை, எங்கே போனாலும் நீலச் சட்டைதான். வீட்டு வாசல்களில் 12 என்று எழுதிய கொடி. களத்தில் ஒரு அணிக்கு 11 பேர், கூச்சல் போடுகிற ரசிகர்கள்தான் பன்னிரண்டாவது ஆள் என்று 1984-லேயே அந்த எண்ணை எந்த வீரருக்கும் தராமல் ஒதுக்கி வைத்துவிட்டார்களாம்.

ஏழாம் வகுப்பில் சேர்ந்திருந்த மகனுக்குத்தான் கஷ்டம். திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு மேஜையில் பேச்சு முழுவதும் முந்தின நாள் ஆட்டத்தைப் பற்றியே இருக்கும். "எல்லாரும் தேர்ட் அண்ட் செவன், தேர்ட் அண்ட் செவன்னு பேசறாங்கம்மா. எனக்கு ஒண்ணும் புரியல. சும்மா சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றான். புது ஊரில் பிள்ளை சும்மா சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்பதைக் கேட்டுவிட்டு எந்தத் தாயால் இருக்க முடியும்? பெரியப்பா மகனைக் கூப்பிட்டேன். உடுமலையிலிருந்து வந்து பல வருடமாக அங்கேயே இருக்கிற அண்ணன். ஞாயிற்றுக்கிழமைகளில் மதியத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். சாப்பாடு எங்களுடையது, விளக்கம் அவருடையது என்று ஏற்பாடு.

அதே இலையுதிர் காலத்தில் அன்னூரிலிருந்து மாமாவும் அத்தையும் எங்களோடு இருக்க வந்தார்கள். மாமா நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோவை மாவட்டத்தில் அவர் சங்கிலி போடாத கிராமம் குறைவு. வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, ரோட்டுக்கு நிலம் எடுப்பது என்று புல வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு வெயிலில் நின்றே வாழ்நாள் போனவர். டி.வி.யில் முதல் முறையாக அந்த மைதானத்தைப் பார்த்ததும், யார் ஜெயிக்கிறார்கள் என்று கேட்கவில்லை.

"ஏனுங் மாப்ள, இந்த கிரவுண்டு மொத்தம் எத்தனை சென்ட்டுங்க வரும்?"

அண்ணனுக்கு நீளம் அகலம்தான் தெரியும். கோல் கோட்டிலிருந்து கோல் கோட்டுக்கு 100 யார்டு. இரண்டு பக்கமும் எண்ட் ஸோன் என்று 10 யார்டு. ஆக மொத்தம் 360 அடி நீளம், அகலம் 160 அடி. மாமா வாய்க்குள்ளேயே பெருக்கி வகுத்து, "நூத்தி முப்பத்திரண்டு சென்ட்டு. ஒண்ணேகால் ஏக்கராவுக்கு மேலயே இருக்குது" என்றார். அதன் பிறகு அவர் அந்த ஆட்டத்தை விடவில்லை. ஐந்து யார்டுக்கு ஒரு கோடு குறுக்கே போட்டிருக்கிறது, பத்து யார்டுக்கு ஒரு எண் எழுதியிருக்கிறது, எண்கள் நடுவில் 50 வரை ஏறி மறுபடி இறங்குகின்றன என்பதையெல்லாம் அவரே பார்த்துச் சொன்னார். இறங்குவதற்குக் காரணம் உண்டு. எதிரியின் கோல் கோட்டுக்கு இன்னும் எவ்வளவு தூரம் பாக்கி என்பதுதான் இங்கே கணக்கு.

அண்ணன் எங்களுக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்த முறை எனக்குப் பிடித்திருந்தது. புள்ளிகளில் ஆரம்பிக்கவில்லை, டவுனில் ஆரம்பித்தார். பந்து கையில் இருக்கிற அணிக்கு நாலு வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு டவுன். இந்த நாலுக்குள் குறைந்தது 10 யார்டு முன்னேறிவிட்டால் பழைய கணக்கு அழிந்து, மறுபடி முதல் டவுன், மறுபடி நாலு வாய்ப்பு. முன்னேற முடியாவிட்டால் பந்து நிற்கிற இடத்திலேயே எதிரணிக்குப் போய்விடும். புரோ கபடியில் இரண்டு ரெய்டு வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது ரெய்டில் புள்ளி எடுத்தே தீர வேண்டும், எடுத்துவிட்டால் எண்ணிக்கை திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கும் அல்லவா, அந்த மாதிரி என்றார். மகனுக்கு அங்கேயே பாதி விளங்கிவிட்டது.

மீதிப் பாதிக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டினார். பந்து நம்முடைய 20-ஆவது யார்டு கோட்டில் இருக்கிறது. முதல் டவுன், பாக்கி 10. ஒருவர் பந்தை வாங்கி ஓடுகிறார், மூன்று யார்டில் மடக்கிப் போட்டுவிடுகிறார்கள். பந்து இப்போது 23-இல். இரண்டாவது டவுன், பாக்கி 7. அடுத்து குவார்ட்டர்பேக் பந்தை வீசுகிறார், பிடிக்க வேண்டியவர் கையில் பட்டுத் தரையில் விழுகிறது. தரையில் விழுந்தால் முன்னேற்றம் இல்லை, பந்து பழைய இடத்துக்கே வரும். மூன்றாவது டவுன், பாக்கி 7. "இதுதான்டா உன் ஃப்ரெண்ட்ஸ் சொல்ற தேர்ட் அண்ட் செவன்" என்று அண்ணன் சொன்னதும் மகன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த வீச்சைப் பிடித்து ஒன்பது யார்டு போனால் பந்து 32-இல். மறுபடி முதல் டவுன், பாக்கி 10. திரையின் மூலையில் ஆட்டம் முழுக்க மாறிக்கொண்டே இருக்கும் இரண்டு எண்களும் இவைதான். எத்தனையாவது வாய்ப்பு, எத்தனை யார்டு பாக்கி. இந்த இரண்டையும் வாசிக்கத் தெரிந்துவிட்டால் அந்த ஆட்டம் கும்பலாக விழுந்து எழுகிற கூட்டமாகத் தெரியாது.

மாமாவுக்கு வேறு கேள்வி இருந்தது. பாக்கி ஏழு, பாக்கி ஒன்பது என்கிறார்களே, இதை யார் அளக்கிறார்கள்?

அண்ணன் டி.வி.யில் மைதானத்தின் ஓரத்தைக் காட்டினார். ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கோல்களைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். இரண்டு கோல்களையும் இணைத்து ஒரு சங்கிலி, சரியாக 10 யார்டு. முதல் டவுன் தொடங்கிய இடத்துக்கு நேராக ஒரு கோல், எட்ட வேண்டிய இடத்துக்கு நேராக இன்னொரு கோல். பந்து இப்போது எங்கே இருக்கிறது, எத்தனையாவது டவுன் என்று காட்ட மூன்றாவதாக ஒரு கம்பு.

"சங்கிலியா?" என்று மாமா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "முப்பது அடிதானா? எங்க பழைய சங்கிலி அறுபத்தாறு அடி. இது பாதிகூட இல்லீங்களே. செரி, ஓரத்துல நிக்கிற சங்கிலிய நடுக்காட்டுக்குத் தூக்கிட்டு வந்து அளக்கறப்ப, கோலு பழைய எடத்துக்கு நேரா நிக்குதுன்னு என்னங் நிச்சயம்?"

இந்தக் கேள்வியை அண்ணனிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. ஆனால் பதில் தெரிந்து வைத்திருந்தார். முதல் டவுனுக்குக் கோல் ஊன்றியதுமே, பின்கோலுக்கு அருகில் இருக்கிற ஐந்து யார்டு கோட்டுக்கு நேராகச் சங்கிலியில் ஒரு கிளிப்பை மாட்டிவிடுவார்கள். சந்தேகம் வந்து சங்கிலியை உள்ளே தூக்கி வரும்போது, அந்தக் கிளிப்பை அதே ஐந்து யார்டு கோட்டின் மேல் வைப்பார்கள். கோடு மைதானத்தின் முழு அகலத்துக்கும் ஓடுவதால் எங்கே வைத்தாலும் அது மாறாது. அதிலிருந்து சங்கிலியை விறைப்பாக இழுத்து முன்கோலை நிறுத்துவார்கள். பந்தின் முனை கோலை எட்டியிருந்தால் முதல் டவுன், எட்டாவிட்டால் இல்லை. மாமா இரண்டு முறை தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். ஊரில் அவருக்கு உதவிக்கு வந்த பையன் சங்கிலியின் கண்ணியைக் கல்லோடு ஒட்ட வைத்துச் சரியாகப் பிடித்தால் அப்படித்தான் ஆட்டுவார்.

டி.வி.யில் தெரிகிற மஞ்சள் கோட்டை மட்டும் அவர் நம்பவில்லை. முதல் டவுனுக்கு எட்ட வேண்டிய இடத்தில் திரையில் மஞ்சளாக ஒரு கோடு ஓடும். வீரர்கள் அதன் மேல் ஓடினால் அவர்கள் காலுக்கு அடியில் இருப்பது போலவே தெரியும். 1998-இல் முதன்முதலாக ஒளிபரப்பில் சேர்த்தார்களாம். அது தரையில் கிடையாது, கம்ப்யூட்டர் வரைவது, பார்ப்பவர்களின் வசதிக்கு மட்டும், நடுவர் அதைக் கணக்கில் எடுப்பதில்லை என்று அண்ணன் சொன்னதும், "சங்கிலிதான் சாட்சி, இல்லீங்களா" என்று மாமா நிம்மதியானார்.

நாலாவது டவுன்தான் ஆட்டத்தின் உயிர். இதை நான் தாமதமாகத்தான் ரசிக்க ஆரம்பித்தேன். மூன்று வாய்ப்பு முடிந்துவிட்டது, இன்னும் யார்டு பாக்கி இருக்கிறது என்றால் மூன்று வழி. துணிந்து நாலாவது முறையும் முயலலாம். முடியாமல் போனால் அந்த இடத்திலேயே பந்தை எதிரியிடம் இழக்க வேண்டும். நம் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் அது ஆபத்து. அப்போது பன்ட் என்று பந்தை ஓங்கி உதைத்து, நாற்பது யார்டுக்கு மேல் தள்ளி எதிரியைத் தூரத்திலிருந்து தொடங்க வைக்கலாம். அத்தைக்கு இது பொறுக்கவே இல்லை. "கையில இருக்கறத எதுக்கு அவங்களுக்குக் குடுக்கறாங்க?" என்பார் ஒவ்வொரு முறையும். பந்தைத் தருகிறார்கள், ஆனால் நாற்பது யார்டு நிலத்தை வாங்கிக்கொள்கிறார்கள் என்று மாமா பதில் சொல்வார். மூன்றாவது வழி ஃபீல்டு கோல். கம்பத்துக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் உதைத்து மூன்று புள்ளி எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

டச்டவுனுக்கு ஆறு புள்ளி. பந்தை வைத்திருப்பவர் கோல் கோட்டைத் தாண்ட வேண்டும் என்பதுகூட இல்லை. கோட்டின் மேல் நேர் செங்குத்தாக ஒரு சுவர் எழும்பி நிற்பதாக வைத்துக்கொண்டால், பந்தின் நுனி அந்தச் சுவரைத் தொட்டாலே போதும், ஆள் பின்னால் கிடந்தாலும் சரி. எண்ட் ஸோனுக்குள் நின்று வீச்சைப் பிடித்தாலும் டச்டவுன்தான், ஆனால் இரண்டு பாதமும் கோட்டுக்குள் பதிய வேண்டும். டச்டவுன் எடுத்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு வாய்ப்பு உண்டு. கம்பத்துக்கு நடுவே உதைத்தால் ஒரு புள்ளி, உதைக்காமல் பக்கத்திலிருந்து பந்தை மறுபடி எண்ட் ஸோனுக்குக் கொண்டுபோனால் இரண்டு. அந்த நாளில் உதை கிட்டத்தட்ட தவறாது. அதனால் டச்டவுன் என்றால் ஏழு என்றே எல்லோரும் கணக்கு வைத்தார்கள். அடுத்த பருவத்திலிருந்து அந்த உதையைத் தூரத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.

கம்பம் எண்ட் ஸோனின் கடைசிக் கோட்டில் நிற்கும். பத்து அடி உயரத்தில் குறுக்குக் கம்பி, அதற்கு மேல் பதினெட்டரை அடி இடைவெளியில் நிமிர்ந்த இரண்டு கம்பிகள். குறுக்குக் கம்பிக்கு மேலே, இரண்டுக்கும் நடுவே பந்து போக வேண்டும். டி.வி.யில் பந்து 30-ஆவது யார்டில் இருக்கும்போது 47 யார்டு உதை என்று ஏன் சொல்கிறார்கள் என்று மாமா குழம்பினார். எண்ட் ஸோன் பத்து யார்டு, பந்தை ஒருவர் வாங்கி நிறுத்திப் பிடிக்க ஏழு யார்டு பின்னால் போக வேண்டும், ஆக பதினேழைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்றார் அண்ணன். தவறினால் எதிரணிக்குப் பந்து கிடைப்பதும் உதைத்த இடத்திலிருந்துதான், அந்த ஏழு யார்டும் சேர்த்து நஷ்டம். தூரத்து உதையில் அதனால்தான் இவ்வளவு யோசனை.

இதெல்லாம் தெரிந்துகொண்டிருந்தோமே தவிர, இதன் கனம் எங்களுக்கு உறைத்தது 2015 ஜனவரி 18 அன்று. பொங்கல் கழிந்து மூன்றாவது நாள், ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் குடும்பமும் வந்திருந்தது. அத்தை அரிசிம்பருப்பு சாதமும் ஒப்புட்டும் செய்திருந்தார். மதியம் பன்னிரண்டு மணிக்குச் சியாட்டிலிலேயே ஆட்டம், சீஹாக்ஸுக்கும் கிரீன் பே பேக்கர்ஸுக்கும். ஜெயிக்கிறவர் சூப்பர் போலுக்குப் போவார்.

ஆரம்பத்திலேயே சீஹாக்ஸின் குவார்ட்டர்பேக் ரசல் வில்சன் வீசிய பந்தை பேக்கர்ஸ் பிடுங்கிக்கொண்டு கோல் கோட்டு வரை வந்துவிட்டார்கள். கோட்டுக்குப் பத்து யார்டுக்குள் முதல் டவுன் கிடைத்தால் அப்புறம் சங்கிலிக்கு வேலையில்லை, எட்ட வேண்டியது கோல் கோடே. மூன்று முறை முட்டினார்கள், சீஹாக்ஸ் சுவர் அசையவில்லை. நாலாவது டவுன், பாக்கி ஒரே யார்டு. பேக்கர்ஸ் பயிற்சியாளர் மைக் மெக்கார்த்தி உதைப்பவரை அனுப்பினார். 18 யார்டு உதை, மூன்று புள்ளி. அடுத்து உதைத்த பந்தை எடுத்து ஓடிவந்த சீஹாக்ஸ் வீரர் அதை நழுவவிட, மறுபடி பேக்கர்ஸ் அதே கோட்டருகே வந்தார்கள். மறுபடி நாலாவது டவுன். மறுபடி உதை, இந்த முறை 19 யார்டு.

மாமா எழுந்தே நின்றுவிட்டார். "மூணடி நெலம் பாக்கி! அதைத் தாண்டுனா ஏழு. தாண்டாம மூணை வாங்கிட்டுப் போறாங்களே, இதென்னங் மாப்ள நியாயம்?"

அண்ணன் தட்டை வைத்துவிட்டுக் கணக்குச் சொன்னார். இவ்வளவு பக்கத்து உதை தவறாது, மூன்று நிச்சயம். ஒரு யார்டைத் தாண்டுவது பாதிக்குப் பாதி என்று வைத்தாலும், ஏழில் பாதி மூன்றரை. நிச்சயமான மூன்றைவிட அரைப் புள்ளி கூடுதல். அது போக, முயன்று தோற்றாலும் எதிரி தன் கோட்டுக்கு ஒரு யார்டில் பந்தை வாங்கி, முதுகுக்குப் பின்னால் எண்ட் ஸோனை வைத்துக்கொண்டு ஆரம்பிக்க வேண்டும். உதைத்துவிட்டாலோ அவர்கள் சௌகரியமாகத் தொடங்குவார்கள். "கணக்குப்படி போயிருக்கணுங்க மாமா. ஆனா வெளியூரு ஆட்டம், சீஹாக்ஸ் டிஃபன்ஸ் இரும்பு மாதிரி, கைல கிடைச்சதை வாங்கிக்கலாம்னு நினைச்சிருப்பாரு" என்றார். எனக்கு அந்தப் பயிற்சியாளர் மேல் கோபம் வரவில்லை. கையில் இருப்பதைக் காப்பாற்றத் தோன்றுவது இயல்புதான். ஆனால் மாமா உட்காரவில்லை. பிறகு பேக்கர்ஸ் ஒரு டச்டவுனும் இன்னொரு ஃபீல்டு கோலும் எடுத்து, இடைவேளைக்கு 16-0. அந்த இரண்டு உதைகளும் டச்டவுனாகியிருந்தால் 24-0. மாமா இதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதியே வைத்தார்.

மூன்றாவது கால்பகுதியில் சீஹாக்ஸுக்கு அதே நிலைமை வந்தது. எதிரியின் 19-ஆவது யார்டில், நாலாவது டவுன், பாக்கி 10. உதைத்தால் 36 யார்டு, சுலபம். உதைக்கும் வரிசையில்தான் நின்றார்கள். ஆனால் பந்தைத் தரையில் நிறுத்திப் பிடிக்க வேண்டிய ஜான் ரயன் அதை எடுத்துக்கொண்டு இடது பக்கம் ஓடினார். பன்ட் உதைப்பதற்கென்று இருக்கிற ஆள் அவர். எதிரே ஒருவர் பாய்ந்து வர, தலைக்கு மேல் தூக்கி வீசினார். எண்ட் ஸோனில் பிடித்தவர் கேரி கில்லியம், முன்வரிசையில் எதிரிகளைத் தடுத்து நிற்கிற கனத்த ஆள். பந்து பிடிப்பது அவர் வேலையே இல்லை. அரங்கின் சத்தம் டி.வி.யைத் தாண்டி வந்தது. என் மகன் சோபா மேல் ஏறிவிட்டான்.

ஏன் இந்தத் துணிச்சல் என்று அண்ணன் பிறகு பொறுமையாகச் சொன்னார். பதினாறு பின்னால் இருக்கும்போது மூன்று எடுத்தால் பாக்கி பதிமூன்று. அதை எட்ட இன்னமும் இரண்டு டச்டவுன் வேண்டும். மூன்று புள்ளியால் நிலைமை மாறாது. ஏழு எடுத்தால் பாக்கி ஒன்பதுதான். பின்னால் இருப்பவனுக்கு மூன்று புள்ளியின் மதிப்பும், முன்னால் இருப்பவனுக்கு மூன்று புள்ளியின் மதிப்பும் ஒன்றல்ல.

பேக்கர்ஸ் நாலாவது ஃபீல்டு கோலையும் எடுத்து 19-7 ஆனார்கள். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் ஒன்பது விநாடி இருக்கும்போது வில்சன் ஒரு யார்டு ஓடி டச்டவுன் போட்டார். 19-14. அப்புறம் சீஹாக்ஸ் தரையோடு குதிக்கிற மாதிரி பந்தைக் குறும்பாக உதைத்தார்கள். அப்படி உதைத்த பந்து பத்து யார்டு கடந்துவிட்டால், அல்லது எதிரணி ஆள் மேல் பட்டுவிட்டால், உதைத்தவர்களே எடுத்துக்கொள்ளலாம். "இங்கயும் பத்தா!" என்றார் மாமா. பேக்கர்ஸ் வீரர் ஒருவர் எம்பிப் பிடிக்கப் போக, பந்து அவர் கையிலும் தலைக்கவசத்திலும் பட்டுத் தெறித்து சீஹாக்ஸ் கைக்குப் போனது. சற்று நேரத்தில் மார்ஷான் லிஞ்ச் 24 யார்டு ஓடி இன்னொரு டச்டவுன். 20-19.

இங்கேதான் அந்தக் கூடுதல் வாய்ப்பின் அருமை விளங்கியது. ஒரு புள்ளிக்கு உதைத்தால் 21-19. பேக்கர்ஸ் ஒரு ஃபீல்டு கோல் போட்டாலே ஜெயித்துவிடுவார்கள். இரண்டு எடுத்தால் 22-19, ஃபீல்டு கோல் போட்டாலும் சமன்தான். சீஹாக்ஸ் இரண்டுக்குப் போனார்கள். வில்சன் விரட்டப்பட்டுப் பின்னால் பின்னால் ஓடி, பந்தை மைதானத்தின் மறுபக்கத்துக்கு வானத்தில் எறிந்தார். அது இறங்கி வரும் வரை வீட்டில் யாரும் மூச்சு விடவில்லை. லூக் வில்சன் கோட்டருகே பிடித்து உள்ளே போனார். பேக்கர்ஸ் விடாமல் வந்து, 14 விநாடி இருக்கையில் மேசன் கிராஸ்பி 48 யார்டு உதையைக் கம்பத்துக்கு நடுவே அனுப்பி 22-22 ஆக்கினார். அந்த இரண்டு புள்ளிதான் தோல்வியைச் சமனாக்கி வைத்திருந்தது.

கூடுதல் நேரத்தில் அன்றைய விதிப்படி, முதலில் பந்து பெற்ற அணி டச்டவுன் எடுத்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். ஃபீல்டு கோல் என்றால் மட்டும் எதிரணிக்கு ஒரு வாய்ப்பு தருவார்கள். பந்து சீஹாக்ஸுக்குக் கிடைத்தது. வில்சன் வீசிய 35 யார்டு பந்தை ஜெர்மெய்ன் கெர்ஸ் எண்ட் ஸோனில் பிடித்தார். 28-22.

காலண்டர் தாளில் மாமா கடைசியாக எழுதியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பேக்கர்ஸ்: டச்டவுன் ஒன்று, ஃபீல்டு கோல் ஐந்து. சீஹாக்ஸ்: டச்டவுன் நாலு, ஃபீல்டு கோல் இல்லை. வில்சன் அன்றைக்கு நாலு முறை எதிரி கையில் பந்தை வீசியிருந்தார். அத்தனைக்குப் பிறகும் ஆட்டம் கையைவிட்டுப் போகாமல் இருந்ததற்கு அந்தக் கோட்டருகே எடுத்த மூன்று மூன்று புள்ளிகள்தான் காரணம் என்று நான் இன்றும் நினைக்கிறேன். மறுநாள் திங்கட்கிழமை மகன் பள்ளிக்கூட மேஜையில் முதல் ஆளாகப் பேசிவிட்டு வந்தான். உதைத்தது தப்பு என்று ஏழில் பாதிக் கணக்கைச் சொன்னானாம்.

இரண்டு வாரம் கழித்து சூப்பர் போலில் அதே ஒரு யார்டு சீஹாக்ஸைப் பழிவாங்கியது. நியூ இங்கிலாந்திடம் 28-24 என்று பின்தங்கியிருந்தபோது, கடைசி நிமிடத்தில் கோட்டுக்கு ஒரு யார்டில் பந்து, இரண்டாவது டவுன், அதாவது இன்னும் மூன்று வாய்ப்பு. லிஞ்சிடம் கொடுத்து முட்டச் சொல்லாமல் பந்தை வீசினார்கள். மால்கம் பட்லர் குறுக்கே பாய்ந்து பிடுங்கிக்கொண்டார். மகன் அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தான்.

ஊருக்குத் திரும்புவதற்கு முன் மாமாவை ஒரு சந்தேகம் விடாமல் அரித்தது. ஆட்டத்தில் சங்கிலி அளவு அங்குலச் சுத்தமாக இருக்கிறது, சரி. ஆனால் ஆள் விழுந்த இடத்தில் பந்தை வைப்பவர் நடுவர். தூரத்திலிருந்து ஓடிவந்து, பத்துப் பேர் ஒருவர் மேல் ஒருவர் கிடக்கிற குவியலுக்குப் பக்கத்தில் காலை ஊன்றி, இங்கேதான் என்று கண்மதிப்பில் பந்தை வைக்கிறார். "தப்பான எடத்துல கல்லை நட்டுட்டு, அங்கிருந்து எவ்வளவு நேரா சங்கிலி புடிச்சாலும் பட்டா தப்பாத்தான் வரும் அம்மணி" என்று என்னிடம் சொன்னார். அவர் சொன்னது முழுக்கச் சரி. பல அணிகள் தோற்றது சங்கிலியால் அல்ல, அரை அடி பின்னால் வைக்கப்பட்ட பந்தால்.

2025 பருவத்திலிருந்து, முதல் டவுனுக்குப் பந்து எட்டியதா என்று சங்கிலியால் அளப்பதை, இந்த ஆட்டங்களை நடத்தும் என்.எஃப்.எல். மாற்றியது. அரங்கைச் சுற்றிலும் உள்ள கேமராக்கள் பந்தையும் எட்ட வேண்டிய கோட்டையும் பார்த்து, எவ்வளவு தாண்டியது, எவ்வளவு குறைந்தது என்று சில விநாடிகளில் படமாகக் காட்டிவிடுகின்றன. சங்கிலிக்காரர்கள் துணைக்கு ஓரத்தில் நிற்கிறார்கள். இப்போது கல்லூரி முடித்துவிட்ட மகன் அன்னூருக்குப் போன் போட்டு இதைச் சொன்னான். "பந்து எங்க வெக்கோணும்னு சொல்றதும் கேமராதானா?" என்று கேட்டார் மாமா. இல்லீங்க அப்பாரு, அது இன்னும் நடுவர்தான் என்றான் இவன்.

காரணமும் சொன்னான். விழுந்த இடத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஒருவர் முன்னால் போய்விட்டு எதிரிகளால் பின்னால் தள்ளப்பட்டிருந்தால், அவர் அதிகபட்சம் எட்டிய புள்ளியில்தான் பந்தை வைக்க வேண்டும். முழங்கால் தரையில் பட்ட கணத்தில் பந்து எங்கே இருந்தது என்பதும் வேண்டும். அந்தக் கணத்தில் பந்து பெரும்பாலும் நாலு உடம்புக்கு அடியில் இருக்கும், கேமராவுக்கும் தெரியாது. மாமா முழுவதையும் கேட்டுக்கொண்டு, முழங்கால் பட்டதை எந்த நடுவர் பார்ப்பார், பக்கவாட்டில் நிற்பவரா, பின்னால் நிற்பவரா என்று அடுத்த கேள்விக்குப் போனார். இரண்டு பேரும் அரைமணி நேரத்துக்கு மேல் பேசினார்கள்.